மழைக்கு முன் படிக்க வேண்டிய மூன்று வரிசைகள்

"கீழ்க்கண்ட நோய்களின் அறிகுறிகள், காரணம், தடுப்பு முறைகளை அட்டவணைப்படுத்துக." கால்நடைப் பட்டயப் படிப்பு படித்த எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. மாணவர்களும் அதற்கேற்ப நோட்டில் கோடு கிழித்து, கோமாரி முதல் மடிநோய் வரை ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வரிசை எழுதி வைத்திருப்பார்கள். தேர்வுக்கு முந்தின இரவு அந்த அட்டவணையை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். அறிகுறிகள் எல்லாம் ஒரு மூச்சில், காரணங்கள் ஒரு மூச்சில், தடுப்பு முறைகள் ஒரு மூச்சில்.

இப்படிப் படிப்பவரை முதலில் தடுமாற வைப்பவை மழைக்காலத்தில் வரும் மூன்று நோய்கள்: அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ், சப்பை நோய், தொண்டை அடைப்பான். மூன்றும் பாக்டீரியாவால் வருபவை. மூன்றிலும் கடும் காய்ச்சல் உண்டு. மூன்றிலும் ஓரிரு நாளில், சில நேரம் சில மணி நேரத்தில், மாடு இறந்துபோகிறது. தடுப்புப் பத்தியிலும் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான்: நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுக, இறந்த மாட்டை ஆழப் புதைக்க, ஆண்டுதோறும் தடுப்பூசி போடுக. விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். தொழுவத்தில் நிற்கும்போது இது போதாது.

இந்த மூன்று வரிசைகளையும் இடமிருந்து வலமாகப் படித்தால் நிலைமை மாறுகிறது. நடுப்பத்தியில் இருக்கும் கிருமியின் குணம் தெரிந்துவிட்டால், இடப்பக்கம் உள்ள அறிகுறி ஏன் வருகிறது, வலப்பக்கம் உள்ள நடவடிக்கை ஏன் தேவை என்பது தானாக விளங்கும்.

| நோய் | பிரித்தறியும் அறிகுறி | காரணம் | கட்டுப்பாடு |
|---|---|---|---|
| அடைப்பான் | திடீர் மரணம். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கரிய இரத்தம். உடல் விறைக்காமை | பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். மண்ணில் தங்கும் ஸ்போர் | உடலை அறுக்கவே கூடாது. எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல் |
| சப்பை நோய் | நொண்டல். தொடை, தோள் சதையில் வீக்கம். அழுத்தினால் நறநறவென்ற ஒலி | கிளாஸ்ட்ரிடியம் சோவியை. மண்ணில் தங்கும் ஸ்போர் | தொடக்கத்திலேயே பெனிசிலின். ஆறு மாத வயது முதல் தடுப்பூசி |
| தொண்டை அடைப்பான் | தாடைக்கீழ், கழுத்து வீக்கம், எச்சில் ஒழுகல், குறட்டை போன்ற மூச்சு | பாஸ்டுரெல்லா மல்டோசிடா, நலமான மாட்டின் தொண்டையிலும் தங்கும் | நோயுற்றதை உடனே பிரித்தல், மழைக்கு முன் தடுப்பூசி |

ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் ஆன ஒரு தொழுவத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கே பதினான்கு மாதக் கிடேரி ஒன்று, நல்ல சதைப்பிடிப்போடு வளர்ந்தது, காலையில் வலது பின்னங்காலை நொண்டுகிறது. கல்லில் இடறியிருக்கும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். வெப்பமானி வைத்தால் 106 டிகிரி ஃபாரன்ஹீட். மாட்டின் இயல்பான வெப்பம் 101.5 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெறும் சுளுக்குக்கு இவ்வளவு காய்ச்சல் வராது. தொடையில் வீக்கம் தெரிகிறது. காலையில் அது சூடாக இருக்கிறது, தொட்டால் கிடேரி காலை உதறுகிறது. மாலைக்குள் அதே இடம் குளிர்ந்து, தொட்டாலும் உணர்வில்லாமல் போகிறது. விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்கிறது.

அந்த ஒலிக்குக் காரணம் காற்று. சப்பை நோய்க் கிருமி ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்வது. மேய்ச்சலோடு உள்ளே போன அதன் ஸ்போர்கள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் கிருமிகள், சதையில் சும்மா கிடக்கும். சதை எங்காவது கன்றிப்போய் இரத்த ஓட்டம் குறையும்போது விழித்துப் பெருகும். அப்போது வெளிவிடும் நச்சு சதையைச் சாகடிக்கிறது, கூடவே உண்டாகும் வாயு குமிழ்களாகத் தங்குகிறது. சூடாக வலித்த வீக்கம் குளிர்ந்து மரத்துப்போவதற்குப் பொருள் அங்கே சதை செத்துவிட்டது என்பது. நோய் தணிந்துவிட்டது என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையிலேயே கால்நடை மருத்துவர் வந்து அதிக அளவில் பெனிசிலின் கொடுத்திருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. நறநறப்பு பரவிய பிறகு பெரும்பாலும் பயன் இருப்பதில்லை.

இந்நோய் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, கொழுத்த மாடுகளையே அதிகம் தாக்குகிறது. ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தொற்றுவதும் இல்லை. ஒரே மேய்ச்சலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று மாடு விழுந்தால், எல்லாம் ஒரே மண்ணில் மேய்ந்தவை என்று பொருள். ஆகவே நொண்டும் கிடேரியைத் தனியே கட்டுவதைவிட, மற்ற மாடுகளை அந்த மேய்ச்சலிலிருந்து ஓட்டிவருவதும் அவற்றின் காய்ச்சலைப் பார்த்துத் தடுப்பூசி போடுவதும் முக்கியம்.

தொண்டை அடைப்பானில் இது தலைகீழ். பாஸ்டுரெல்லா கிருமி ஸ்போர் உண்டாக்குவதில்லை. ஈர மண்ணிலும் நீரிலும் சிறிது காலம் இருக்கும், பிறகு அழியும். அது நிலையாகத் தங்குமிடம் நலமாக நடமாடும் சில மாடுகளின் தொண்டைதான். மழையில் நனைதல், தீவனக் குறைவு, உழவு அல்லது நெடுந்தூர நடையின் களைப்பு என்று மாட்டின் எதிர்ப்பு தளரும்போது கிளம்புகிறது. எச்சில், மூக்குநீர், பொதுத் தொட்டித் தண்ணீர் வழியே மற்ற மாடுகளுக்குப் போகிறது. பசுவைவிட எருமைக்கு இது கொடியது. இங்கே தனியே கட்டுவது உண்மையிலேயே மற்ற உயிர்களைக் காக்கும்.

அமைதியாகத் தங்கியிருக்கும் கிருமி எவ்வளவு வேகமாக மாறும் என்பதை 2015 மே மாதம் கசகஸ்தானில் உலகம் பார்த்தது. அங்கே புல்வெளியில் குட்டி ஈனக் கூடியிருந்த சைகா மான்கள் மூன்றே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இறந்தன. ஆய்வில் கிடைத்த கிருமி இதே பாஸ்டுரெல்லா மல்டோசிடா. இறப்புக்கு முந்தைய நாட்களில் அப்பகுதியில் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் இருந்தன என்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

தொண்டை வீக்கத்தையும் சப்பை வீக்கத்தையும் விரலே பிரித்துச் சொல்லிவிடும். தொண்டையில் கோத்திருப்பது நீர். அழுத்தி எடுத்தால் விரல் பட்ட இடம் குழிந்து நிற்கும், ஒலி வராது. அந்த வீக்கம் மூச்சுக்குழலை நெருக்குவதால்தான் குறட்டைச் சத்தம். காய்ச்சல் தொடங்கியவுடன் மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். வீக்கம் முற்றிய மாடு பிழைப்பது அரிது.

முதல் வரிசையில்தான் ஒரு தவறு ஊரையே பாதிக்கும். அடைப்பானில் பல நேரம் அறிகுறியைப் பார்க்கவே வாய்ப்பிருக்காது. இரவு தீனி தின்ற மாடு விடிகாலையில் செத்துக் கிடக்கும். வயிறு விரைவாக ஊதியிருக்கும், கால்கள் விறைத்திருக்காது, மூக்கிலும் ஆசனவாயிலும் தார் போன்ற இரத்தம் உறையாமல் கசியும். மின்னல் தாக்கினாலும், பாம்பு கடித்தாலும், வயிற்று உப்புசத்தாலும் மாடு திடீரென்று சாகலாம். காரணத்தை அறிய வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாமா என்று எண்ணத் தோன்றும். செய்யக் கூடாதது அதுதான்.

செத்த உடலுக்குள் இருக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமி ஸ்போராக மாற ஆக்சிஜன் வேண்டும். உடல் மூடியே இருந்தால் அழுகல் பாக்டீரியாக்கள் சில நாளில் அதை அழித்துவிடும். அறுத்தாலோ தோலை உரித்தாலோ காற்றுப்பட்டு ஸ்போர்கள் உருவாகி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 1941க்குப் பிறகு காணப்படாத ஆந்த்ராக்ஸ், 2016 கோடையில் உறைமண் உருகியபோது திரும்பியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பனிமான்கள் மடிந்தன, ஒரு சிறுவனும் உயிரிழந்தான். மான்களுக்கான தடுப்பூசியை அங்கே 2007லேயே நிறுத்தியிருந்தார்கள்.

ஆகவே நோயை உறுதிசெய்ய மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் மட்டும் எடுப்பார். கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றினால், நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை நுண்ணோக்கியில் தெரியும். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடல் அழுகத் தொடங்கினால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. பின்னர் இரத்தம் கசியும் துளைகளை ஃபார்மலினில் நனைத்த பஞ்சால் அடைத்து, இழுத்துச் செல்லாமல், முடிந்தவரை அங்கேயே எரிப்பார்கள் அல்லது ஆறடிக்குக் குறையாமல் புதைப்பார்கள். குழியில் சுண்ணாம்பு போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் நோட்டுகளில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆந்த்ராக்ஸ் வழிகாட்டி அதை ஊக்குவிக்கவில்லை. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஸ்போர்கள் நிலைத்திருக்க உதவக்கூடும் என்பதே காரணம். உடலைக் கையாண்டவர் கையில் வலியில்லாத புண் தோன்றி நடுவில் கருத்த பொருக்குக் கட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனிதருக்கும் தொற்றுவது இந்த மூன்றில் அடைப்பான்தான்.

தடுப்பூசி என்று மூன்று வரிசையிலும் ஒரே சொல் இருந்தாலும், ஊசிகள் வேறு வேறு. அடைப்பானுக்குப் போடுவது வீரியம் குறைந்த உயிருள்ள ஸ்போர். 1930களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் கண்டறிந்த வகை அது. ஊசி போடும் நாட்களில் மாட்டுக்குப் பெனிசிலின் கொடுத்தால் தடுப்பூசியின் கிருமியே செத்து, ஊசி வீணாகும். இதை முன்பு நோய் வந்த ஊர்களில் மட்டுமே போடுகிறார்கள். சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுபவை பெரும்பாலும் கொல்லப்பட்ட கிருமிகளால் ஆனவை, ஆறு மாத வயதிலிருந்து தொடங்கலாம்.

"மழைக்கு முன்" என்று அட்டவணையில் எழுதும் இரண்டு சொற்களுக்கும் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். படிகாரம் சேர்த்த தொண்டை அடைப்பான் தடுப்பூசியின் காப்பு நான்கு முதல் ஆறு மாதம்தான் நிற்கும். எண்ணெய் சேர்த்தது ஏறத்தாழ ஓராண்டுக்கு வரும், ஆனால் கெட்டியாக இருப்பதால் ஊசியில் ஏற்றுவது சிரமம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் கேரளத்துக்கு மே மாத ஊசி பொருந்தும். அதே ஊசியை அதே மாதத்தில் தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ போட்டால், வடகிழக்கு மழை ஓங்கும் நவம்பரில் காப்பு தீர்ந்துவிட்டிருக்கும். ஊசிக்குப் பின் எதிர்ப்பு உருவாக இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும் என்பதையும் சேர்த்தால், அம்மாவட்டங்களின் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய மாதம் செப்டம்பர்.