மூன்று உலோகம், ஒரே ஹால்

புதிதாகக் குடியேறிய ஓர் அடுக்குமாடி வீட்டின் ஹாலை எடுத்துக்கொள்வோம். ஜன்னல் சட்டம் அலுமினியம். கதவுக் கைப்பிடியும் தாழ்ப்பாளும் எவர்சில்வர். அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கும் உருளியும் உண்டு. ஆசைப்பட்டு வாங்கிய செம்புத் தொங்குவிளக்கு இன்னும் பெட்டியில் இருக்கிறது. மூன்றும் இங்கே சேர்ந்து வாழ முடியுமா?

முடியும், சம பங்கு கேட்காத வரை. தஞ்சாவூர்க் கலைத்தட்டில் பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் உண்டு. பித்தளை அடித்தட்டு, அதன்மேல் செம்பில் புடைப்பு உருவம், அதற்கும் மேலே வெள்ளியில் நுணுக்க வேலை. ஆளுக்கொரு வேலை இருப்பதால் கண் தடுமாறுவதில்லை.

இந்த ஹாலில் அடித்தளம் வெள்ளி நிறம்தான். அது ஏற்கெனவே ஜன்னலிலும் கதவிலும் உட்கார்ந்துவிட்டது; அதை அப்படியே ஏற்றுக்கொள்வது செலவையும் மிச்சப்படுத்தும். கைப்பிடிகளில் பாதியை மட்டும் தங்க நிறத்துக்கு மாற்றினால், மீதிக்குக் காசு போதவில்லையோ என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரே வேலை செய்யும் பொருள்கள் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

அடுத்த இடம் பித்தளைக்கு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. நிறத்திலும் செம்பின் சிவப்புக்கும் எவர்சில்வரின் வெளுப்புக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் இரண்டையும் இணைக்க அதுவே பொருத்தம். மூலையில் குத்துவிளக்கு, டீப்பாய்மேல் உருளி, சுவரில் மெல்லிய பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடி என மூன்று உயரங்களில் திரும்ப வந்தால் அது திட்டமிட்டதாகத் தெரியும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் இடம் மாறி வந்ததுபோல் இருக்கும். செம்புக்கு ஒரே ஓர் இடம் போதும்: டீப்பாய்க்கு மேலே அந்தத் தொங்குவிளக்கு, பித்தளை உருளிக்கு நேராக.

பளபளப்பையும் கவனிக்க வேண்டும். பழைய உருளியின் மங்கிய பித்தளைக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் மின்னும் தங்க முலாம் ஜாடி வைத்தால், இரண்டும் ‘தங்க’ நிறமாக இருந்தும் ஒட்டாது. மங்கலுக்கு மங்கலே துணை.

பல்பு மாறினால் உலோகமும் மாறித் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் செம்பு உயிரிழந்து பழுப்பாகிவிடும், பித்தளை வெளிறும். 3000 கெல்வினில் எவர்சில்வர்கூட இளமஞ்சள் ஏறி மற்ற இரண்டோடும் நெருங்கிவரும். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் பல்பை மாற்றிப் பார்ப்பது நல்லது.

செம்பு நாளடைவில் கறுக்கும். புளியால் தேய்க்கும் முன் அதன்மேல் லாக்கர் பூச்சு உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். அந்த இடம் பளிச்சென்று ஆனால் வெறும் செம்பு, தாராளமாகத் தேய்க்கலாம். எதுவும் மாறாவிட்டால் பூச்சு இருக்கிறது. அதைத் தேய்த்தால் அங்கங்கே உரிந்து திட்டுத்திட்டாகிவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே போதுமானது.