அக்காவோட கவர் லெட்டரும் மூணு ஒத்துப்போகாத ரீடிங்கும்

போன வருஷம் சிவில் முடிச்ச ஒரு அக்கா, தண்ணீர் பரிசோதனை லேப் ஒன்றில் இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணும்போது, "டேய், இதை ஒரு தடவை படிச்சுப் பாரு"ன்னு கவர் லெட்டரை எனக்கு அனுப்பினாங்க. லெட்டர் ஆங்கிலத்தில்தான் இருந்தது. விஷயத்தை மட்டும் தமிழில் சொல்றேன்.

முதல் டிராஃப்ட் நாம எல்லாரும் எழுதுற மாதிரிதான்: கடின உழைப்பாளி, சீக்கிரம் கத்துப்பேன், "ஐ.எஸ். 10500-இல் உள்ள எல்லா சோதனைகளும் தெரியும்." அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு இடிச்சது. ஐ.எஸ். 10500 என்பது நம்ம நாட்டு குடிநீர் தர நிர்ணயம். அதில் கடினத்தன்மை, குளோரைடு மட்டுமில்ல, ஆர்சனிக், ஈயம், பூச்சிக்கொல்லி மிச்சம், கதிரியக்கம் வரைக்கும் இருக்கு. அக்கா கையால செஞ்சது பி.எச்., கலங்கல், குளோரைடு, கடினத்தன்மை, அவ்வளவுதான். உலோகங்களை அளக்கிற மெஷினை இண்டஸ்ட்ரியல் விசிட்டில் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தாங்க. படிக்கப்போறவர் தினமும் அதே சோதனைகளைப் பண்றவர். ஒரே கேள்வியில மாட்டிக்குவாங்க.

"சரி, அப்போ என்னதான் எழுதுறது?"ன்னு கேட்டாங்க. "ப்ராஜெக்ட்ல எது சொதப்புச்சு?"ன்னு நான் திருப்பிக் கேட்டேன். அங்கிருந்துதான் நல்ல பத்தி கிடைச்சது.

ஹாஸ்டல் போர்வெல் தண்ணியோட கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் பார்த்திருக்காங்க. 50 மி.லி. தண்ணி, அதில் அம்மோனியா பஃபர், ரெண்டு துளி எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும்போது நிறுத்தணும். மூணு தடவை செஞ்சதுக்கு 14.2, 15.1, 13.6 மி.லி. வந்திருக்கு. நம்ம ரெக்கார்ட் நோட்டா இருந்தா சராசரி போட்டு முடிச்சிருப்போம் (நான் போட்டிருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க). ஆனா சரியா செஞ்சா மூணும் 0.1, 0.2-க்குள்ள ஒத்துப்போகணும். நிறமும் பட்டுன்னு மாறாம, ஊதாவிலேயே இழுத்துட்டு நின்னுச்சாம்.

அக்கா காலிப்ரேட் பண்ணின மீட்டரை வச்சுப் பார்த்தா, பஃபர் ஊத்தின பிறகும் பி.எச். 9.4-தான். இந்த டைட்ரேஷனுக்கு 10 பக்கத்துல இருக்கணும். மூடி சரியா மூடாத பழைய பாட்டில், அம்மோனியா பறந்துடுச்சு. பி.எச். குறைஞ்சா மெக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ. பிடிக்கிற பலம் குறையும், அதனால முடிவுப் புள்ளி மங்கிப்போகும். புது பஃபர் தயாரிச்சு மறுபடி பண்ணினா 15.6, 15.7.

அதோட அவங்க நிறுத்தல. ஈ.டி.டி.ஏ. சொன்ன வலிமையில்தான் இருக்கான்னும் பார்த்தாங்க. ஒரு மி.லி.-க்கு 1 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கிற ஸ்டாண்டர்ட் கரைசலில் 10 மி.லி. எடுத்தா, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.-வும் 10 மி.லி.-தான் செலவாகணும். 10.1 ஆச்சு. அதாவது அவங்க ஈ.டி.டி.ஏ. ஒரு மி.லி. என்பது 0.99 மி.கி. சராசரி 15.65-ஐ 0.99-ஆல் பெருக்கி, 50 மி.லி.-யை லிட்டருக்கு மாத்த 20-ஆல் பெருக்கினா, லிட்டருக்கு சுமார் 310 மி.கி. தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200; வேற தண்ணி கிடைக்காத இடத்துல 600 வரைக்கும் அனுமதி உண்டு.

லெட்டரில் இவ்வளவும் போடக்கூடாது. கடைசியா அவங்க எழுதினது இதுதான்:

"போர்வெல் நீரின் கடினத்தன்மையைச் சோதித்தபோது மூன்று அளவீடுகள் ஒத்துப்போகவில்லை. பஃபர் கெட்டுப்போனதே காரணம் என்று பி.எச். அளந்து கண்டறிந்தேன். புதிய பஃபரில் செய்து, ஈ.டி.டி.ஏ.-வையும் ஸ்டாண்டர்டுடன் சரிபார்த்து, லிட்டருக்கு 310 மி.கி. என்று பதிவு செய்தேன். நுண்ணுயிர் சோதனையும் உலோகச் சோதனையும் பாடமாகப் படித்ததே, செய்து பார்த்ததில்லை. வேதியியல் பிரிவில் மாதிரிப் பதிவு, ரீஏஜென்ட் தயாரிப்பு ஆகிய வேலைகளில் தொடங்க விரும்புகிறேன்."

கடைசி வரி எனக்குக் கொஞ்சம் அடக்கமா தெரிஞ்சது. ஆனா அதுதான் நடைமுறை. அங்கீகாரம் பெற்ற லேபில் யாருக்கு எந்தச் சோதனை செய்ய அனுமதின்னு எழுத்தில் பதிவு இருக்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட அதுக்குன்னு தனி ஆள். இன்டர்ன் முதல்ல செய்யப்போறது லேபிள் ஒட்டுறது, கண்ணாடிச் சாமான் கழுவுறது, கரைசல் தயாரிக்கிறது. "தனியா டெஸ்ட் பண்ணுவேன்"னு எழுதினா லேப் எப்படி நடக்குதுன்னே தெரியலைன்னு அர்த்தம்.

அடுத்த வாரம் போன் வந்தது. முதல் கேள்வியே, "மீட்டரை எந்த பஃபர்களை வச்சு காலிப்ரேட் பண்ணினீங்க?" "7, 9.2"ன்னு அக்கா சொன்னாங்க. "திங்கட்கிழமை வாங்க, ஷூ போட்டுட்டு வாங்க"ன்னு பதில்.