பிரான்ஸ் வெட்டிய கால்வாய், பிரிட்டன் பிடித்த நாடு

1869 நவம்பர் 17 அன்று பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் கப்பல் முன்னே செல்ல, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் கப்பல் தளத்தில் ‘கட்டி சார்க்’ நீரில் இறங்கியது. சீனத்துத் தேயிலையை லண்டனுக்கு முதலில் கொண்டுவந்து சேர்க்கும் போட்டிக்காகக் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் அது. மரமும் இரும்பும் கலந்த மெல்லிய உடல், வானளாவிய பாய்கள் என்று அன்றைய கப்பல் கலையின் உச்சமாக இருந்தது. ஆனாலும் பத்தே ஆண்டுகளுக்குள் தேயிலை வணிகம் அதன் கையை விட்டுப் போனது. அதைவிட வேகமான பாய்மரக் கப்பல் எதுவும் வந்து அதைத் தோற்கடித்துவிடவில்லை. புதிய கால்வாயில் பாய்மரக் கப்பலால் போக முடியாது என்பதே காரணம்.

ஏன் முடியாது? கால்வாயில் இழுவைக் கப்பல் வைத்து இழுத்துச் சென்றுவிடலாம்தான். சிக்கல் அதற்கு அப்பால், செங்கடலில் இருந்தது. நீண்டு ஒடுங்கிய கடல் அது. இரு கரையோரமும் பவளப் பாறைகள். அதன் வடபாதியில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். கிழக்கிலிருந்து சரக்கேற்றி வரும் பாய்மரக் கப்பல் அந்தக் காற்றை எதிர்த்து இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி முன்னேற வேண்டும். அதற்கு அங்கே இடம் போதாது. இழுவைக் கூலி, கால்வாய்க் கட்டணம், பாறையில் மோதும் அபாயம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதே மாலுமிக்கு மலிவாக இருந்தது.

நீராவிக் கப்பலுக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை. அதன் கவலை நிலக்கரி. தொலைதூரப் பயணத்துக்கு வேண்டிய கரியை ஏற்றினால் சரக்குக்கு இடம் இருக்காது. இந்த முடிச்சைத் தளர்த்தியவர்களில் முக்கியமானவர் லிவர்பூல் பொறியாளர் ஆல்ஃபிரட் ஹோல்ட். ஒரு உருளையில் வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல், இன்னொரு பெரிய உருளைக்குள் செலுத்தி மறுபடியும் வேலை வாங்கும் கூட்டு எந்திரத்தை அவர் தம் கப்பல்களில் பொருத்தினார். அந்தக் கப்பல்கள் 1866-இல் லிவர்பூலிலிருந்து மொரீசியஸ் வரை, சுமார் 8,500 மைல், வழியில் எங்கும் கரி ஏற்றாமல் ஓடிக் காட்டின. அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்துக் கால்வாய் திறந்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு நன்னம்பிக்கை முனை வழியாகச் சுமார் 10,700 கடல்மைல். சூயஸ் வழியாகச் சுமார் 6,300. பாதையும் சுருங்கி எந்திரமும் சிக்கனமானதால், பருமனான சரக்கையும் நீராவியில் கொண்டுசெல்வது கட்டுபடியாகும் நிலை வந்தது.

அந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1870-இல் கால்வாயைக் கடந்தவை 486 கப்பல்கள் மட்டுமே. கடலில் அப்போது மிதந்தவற்றில் பெரும்பாலானவை பாய்மரக் கப்பல்கள். கால்வாய்க்கு ஏற்ற நீராவிக் கப்பல்கள் போதிய அளவில் இல்லை. கால்வாய்க் குழுமம் திவாலின் விளிம்புக்கே போனது. பிறகு கப்பல் தளங்கள் புதிய நீராவிக் கப்பல்களைக் கட்டிக் குவித்தன. 1882-இல் அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பிரிட்டிஷ் கொடி ஏற்றியவை. இதே பிரிட்டன்தான் கால்வாய் வெட்டவே கூடாது என்று பல ஆண்டுகள் தடை போட்டது. இந்தியாவுக்குப் போகும் வழியில் பிரான்ஸ் உட்கார்ந்துகொள்ளும் என்று பிரதமர் பாமர்ஸ்டன் அஞ்சினார். ஆனால் கால்வாயின் பலன் அதை வெட்டியவர்களைத் தேடிப் போகவில்லை; கப்பலும் கரியும் கையில் வைத்திருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வெட்டியவர்கள் யார்? எகிப்தின் ஆட்சியாளர் சையித் பாஷாவிடமிருந்து 1854-இல் உரிமை பெற்றவர் ஃபெர்டினான்ட் டி லெசெப்ஸ். அவர் பொறியாளர் அல்லர், பிரான்சின் முன்னாள் தூதரக அதிகாரி. 1859 ஏப்ரலில் வேலை தொடங்கியது. முதல் ஆண்டுகளில் மண்ணை அள்ளியவர்கள், அரசாணையால் ஊர் ஊராகத் திரட்டப்பட்ட எகிப்திய உழவர்கள். மாதத்துக்குச் சுமார் 20,000 பேர் முறைவைத்து வந்தார்கள். வடக்கே மென்ஸலே ஏரி, ஆழமில்லாத சேற்றுநீர். அங்கே அவர்கள் இடுப்பளவு நீரில் நின்று சேற்றைக் கையால் அள்ளினார்கள். மார்போடு வைத்து அழுத்தி நீரைப் பிழிந்தார்கள். அந்த உருண்டைகளைக் கரையில் அடுக்கினார்கள். வெயிலில் அவை காய்ந்து இறுகியபின் அதன்மேல் அடுத்த வரிசை. கால்வாயின் கரை அங்கே அப்படித்தான் எழுந்தது. தெற்கே மணல்மேடுகளில் ஈச்ச ஓலைக் கூடைகளில் மண் சுமந்தார்கள்.

பாலைவனத்தில் இத்தனை பேருக்குக் குடிநீர் வேண்டும். தொடக்கத்தில் ஒட்டகங்கள் சுமந்து வந்தன. பிறகு நைல் நீரைக் கொண்டுவர ஒரு நன்னீர்க் கால்வாயைத் தனியாக வெட்டினார்கள். 1863 முடிவில் அது சூயஸ் நகரை எட்டியது. அது பின்னால் யாருக்கெல்லாம் பயன்பட்டது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

1863-இல் சையித் இறந்து இஸ்மாயில் பதவிக்கு வந்தார். கட்டாய உழைப்பை நிறுத்தச் சொன்னார். பிரிட்டனும் அதையே வற்புறுத்தியது. வழக்கு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் தீர்ப்புக்குப் போனது. கட்டாய உழைப்பு நிற்கட்டும், குழுமத்துக்குத் தந்த நிலங்களையும் எகிப்து திரும்ப எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு ஈடாக 8 கோடியே 40 லட்சம் பிராங்கு கொடுக்கட்டும் என்று அவர் சொன்னார். சொந்த மக்களை விடுவித்துக்கொள்ள ஒரு நாடு வெளியாருக்குப் பணம் கட்டியது. அந்தப் பணத்தின் துணையோடு நீராவியால் இயங்கும் தூர்வாரும் எந்திரங்கள் வந்து இறங்கின. மொத்தம் தோண்டிய சுமார் ஏழரைக் கோடி கன மீட்டரில் பெரும்பகுதியை அள்ளியவை அவையே.

இப்படி முடிந்த கால்வாயின் ஆழம் 8 மீட்டர், அடியில் அகலம் 22 மீட்டர். இரு கடல்களின் மட்டமும் ஏறத்தாழ ஒன்று என்பதால் மதகுப் பூட்டுகள் தேவைப்படவில்லை. எதிரெதிரே வரும் கப்பல்கள் விலக வேண்டுமானால் ஒன்று ஒதுங்குமிடத்துக்குள் புகுந்து கரையில் கயிறு கட்டிக் காத்திருக்க வேண்டும். கரைதட்டுவது அடிக்கடி நடந்தது. ஒன்று தட்டினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். இரவில் ஓட்டம் கிடையாது. 1887-இல் முகப்பில் மின்விளக்கு பொருத்திய கப்பல்களை இரவிலும் விடத் தொடங்கிய பிறகே கடக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

எகிப்தின் கடனோ வளர்ந்துகொண்டே போனது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியதை நம்பி இஸ்மாயில் ரயில் பாதைகளுக்கும் கால்வாய்களுக்கும் அரண்மனைகளுக்கும் கடன் வாங்கியிருந்தார். போர் முடிந்தது, விலை சரிந்தது, வட்டி நின்றது. 1875 நவம்பரில் தம் கையிலிருந்த 1,76,602 கால்வாய்ப் பங்குகளை விற்க முன்வந்தார். நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்காமல் பிரதமர் டிஸ்ரேலி ராத்ஸ்சைல்டு வங்கியில் கடன் வாங்கிச் சுமார் 40 லட்சம் பவுனுக்கு அவற்றை வாங்கினார். அந்தப் பங்குகளின் 1894 வரையான ஆதாயத்தை இஸ்மாயில் ஏற்கெனவே குழுமத்துக்கே விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே, அதுவரை ஆண்டுக்கு 5% வட்டியை எகிப்தே பிரிட்டனுக்குக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பங்கையும் கொடுத்து, அதற்கு வட்டியும் கொடுத்த விற்பனை இது.

மொத்தப் பங்குகளில் 44% வாங்கியும் கால்வாய் பிரிட்டன் வசம் வந்துவிடவில்லை. எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்குப் பத்து வாக்குக்கு மேல் இல்லை என்பது குழுமத்தின் விதி. நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமே நீடித்தது. கப்பலில் பெரும்பகுதி நம்முடையது, வழியோ நம் கையில் இல்லை என்ற அச்சம் லண்டனில் வளர்ந்தது. 1878-இல் சைப்ரசை நிர்வகிக்கும் உரிமையை உஸ்மானியரிடம் பெற்றது அந்தக் கவலையின் ஒரு விளைவு. பெரிய விளைவு நான்கு ஆண்டு கழித்து வந்தது.

எகிப்தின் வரவுசெலவை ஐரோப்பியக் கடன்காரர்கள் கட்டுப்படுத்துவதை எதிர்த்து ராணுவ அதிகாரி அகமது உராபி தலைமையில் எழுச்சி கிளம்பியது. 1882 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் கடற்படை அலெக்சாந்திரியாமீது குண்டு பொழிந்தது. அங்கிருந்து கெய்ரோவுக்குப் போகும் வழியை உராபி பலமாக அரண் செய்திருந்தார். தளபதி வுல்ஸ்லி அந்தப் பக்கம் போகப்போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, ஆகஸ்டில் கால்வாய்க்குள் கப்பல்களைத் திருப்பி நடுவிலுள்ள இஸ்மாயிலியாவில் படையை இறக்கினார். கால்வாயில் ஒன்றிரண்டு கப்பல்களை மூழ்கடித்திருந்தால் உராபி அதைத் தடுத்திருக்கலாம். கால்வாய் நடுநிலையானது, அதற்குள் யாரும் போர் நடத்த மாட்டார்கள் என்று லெசெப்ஸ் கொடுத்த உறுதியை நம்பி அவர் தயங்கினார். தெற்கே சூயஸ் வழியாக இந்தியப் படையும் வந்து சேர்ந்தது. மதராஸ் சாப்பர்ஸ் அதில் இருந்தார்கள்.

இஸ்மாயிலியாவிலிருந்து கெய்ரோ நோக்கிப் போகப் படைக்குக் குடிநீர் வேண்டும். முன்பு தொழிலாளருக்காக வெட்டிய அதே நன்னீர்க் கால்வாய்தான் வழித்துணை. எகிப்தியர் அதில் அணை போட்டு நீரைத் தடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் முதலில் நடந்த மோதல் அந்த அணையைக் கைப்பற்றுவதற்காகத்தான். செப்டம்பர் 13 விடியலில் தெல்-எல்-கெபிரில் போர் முடிந்தது. உராபி இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, கொழும்பிலும் கண்டியிலுமாக 1901 வரை அங்கேயே வாழ்ந்தார்.

அவர் போய் இறங்கிய காலத்தில் கொழும்பே கால்வாயால் உருமாறிக்கொண்டிருந்தது. அதுவரை நீராவிக் கப்பல்கள் நின்று போனது காலி துறைமுகத்தில். சூயஸ் வழிப் போக்குவரத்து பெருகவே, 1875-இல் அடிக்கல் நாட்டி 1885-இல் முடித்த அலைத்தடுப்புச் சுவர் கொழும்பைக் கரி ஏற்றும் பெருந்துறைமுகம் ஆக்கியது. ஜிப்ரால்டர், மால்டா, சயீத் துறைமுகம், ஏடன், கொழும்பு என்று வேல்ஸ் நாட்டுக் கரி குவித்த நிலையங்கள் வரிசையாக நின்றன. ஒரு போர்க்கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த நிலையங்களே தீர்மானித்தன. பழைய பாதையில் இருந்த செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பல் வரவு அற்றுக்கொண்டே போனது.

1888-இல் கான்ஸ்டான்டினோபிள் ஒப்பந்தம், போரிலும் அமைதியிலும் கால்வாய் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் திறந்திருக்கும் என்றது. கரையில் நின்றதோ பிரிட்டிஷ் படை. தற்காலிகம் என்று சொல்லி வந்த படை 1956 ஜூன் வரை முழுவதும் வெளியேறவில்லை. எகிப்தின் கணக்கைப் பாருங்கள்: நிலம் கொடுத்தது, மக்களின் உழைப்பைக் கொடுத்தது, அதை நிறுத்தவும் பணம் கொடுத்தது, பங்குகளை விற்றது. கால்வாய் லாபத்தில் எஞ்சியிருந்த 15% உரிமையையும் 1880-இல் கடனுக்காக விற்றது. அதன்பின் தன் மண்ணில் ஓடிய கால்வாயின் லாபத்தில் எகிப்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பங்கே இல்லை. 1956 ஜூலை 26 அன்று அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியபோது எகிப்திய மக்கள் கொண்டாடியது இந்தக் கணக்கு நேரானதைத்தான்.