பியூரெட் சொல்லும் கணக்கு

குடுவையில் 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் செறிவு 0.1 மோலார். ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டதும் இளஞ்சிவப்பாகிறது. பியூரெட்டில் செறிவு தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம். நிறம் மறையும் நொடியில் குழாயை மூட வேண்டும்.

முதல் முறை பியூரெட் 0-லிருந்து 18.6-க்கு இறங்கியது. இரண்டாம் முறை 18.6-லிருந்து 36.8, மூன்றாம் முறை, மீண்டும் நிரப்பியபின், 0.2-லிருந்து 18.4.

பலர் சறுக்குவது இங்கேதான். செலவான அமிலம் இறுதி அளவீடு அல்ல, இரண்டுக்குமான வித்தியாசம். கடைசி இரண்டிலும் அது 18.2. உத்தேசமாகப் பார்த்த முதல் அளவைச் சராசரியில் சேர்ப்பதில்லை.

இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரிவதால், 20-ஐ 0.1-ஆல் பெருக்கி 18.2-ஆல் வகுத்தால் 0.110 மோலார். அதே அளவீடு கந்தக அமிலத்துக்குக் கிடைத்திருந்தால் விடை பாதி: 0.055. அதன் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடுகளைச் சமன்செய்யும்.