தொண்டைக்குழியில் மூன்று விரல்கள்

மூச்சுத் திணறலோடு வருபவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே அனுபவமுள்ள மருத்துவர் ஒன்று செய்வார். ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் கழுத்தடியில் இரு காறையெலும்பு முனைகளில் ஊன்றி, நடுவிரலால் தொண்டைக்குழியில் மூச்சுக்குழாயைத் தேடுவார். அது நடுவில் இருக்க வேண்டும். இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்திருப்பது பலருக்கு இயல்புதான். அதற்கு மேல் ஒதுங்கியிருந்தால், உள்ளே ஏதோ தள்ளுகிறது அல்லது இழுக்கிறது என்று பொருள்.

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாம் ஒரே கட்டாக இருக்கின்றன. மீடியாஸ்டினம் என்று அதற்குப் பெயர். இது எலும்புச் சுவர் கிடையாது, திரைச்சீலை மாதிரி அசையக்கூடிய தடுப்பு. நுரையீரல் எப்போதும் சுருங்கப் பார்க்கும். நெஞ்சுக்கூடு விரியப் பார்க்கும். இந்த இழுபறியால் இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது அந்தக் குறைவு சுமார் 5 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம். இடத்திலும் வலத்திலும் ஒரே அளவு என்பதால் திரை நடுவில் நிற்கிறது.

பைக்கிலிருந்து விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஒரு விலா முறிந்து, அதன் கூர்முனை நுரையீரலைக் கிழித்துவிட்டது. கிழிசல் வழியே காற்று இடைவெளிக்குள் புகுகிறது, இடது நுரையீரல் சுருங்குகிறது. இடப்பக்க அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு ஏறிவிட, வலப்பக்கமோ பழையபடி 5 செ.மீ. குறைவாக இருக்கிறது. அந்த வித்தியாசத்திலேயே திரை கொஞ்சம் வலப்பக்கம் சாயும். எக்ஸ்-ரேயில் சாய்வு தெரிந்த உடனே உயிருக்கு ஆபத்து என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கிழிசல் ஒருவழிக் கதவாக மாறும்போது கதையே வேறு. ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக நிறையும். இதற்கு டென்ஷன் நியூமோதோராக்ஸ் என்று பெயர். உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை. உள்ளே அழுத்தமும் குறைவு. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறினால் முதலில் தடைப்படுவது அந்த வரத்துதான். வராத ரத்தத்தை இதயம் எப்படி வெளியே தள்ளும்? நாடி வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. இடப்பக்க நெஞ்சைத் தட்டினால் வெற்றுப் பானை போல ஒலிக்கும், மூச்சொலி கேட்காது. கழுத்துச் சிரைகள் புடைக்கலாம். ரத்தம் நிறைய இழந்தவருக்கு அதுவும் தெரியாது.

மூச்சுக்குழாய் ஒதுங்குவதைத்தான் பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்லும். ஆனால் அது தாமதமாக வரும் அடையாளம், பலரிடம் வருவதே இல்லை. அதற்காகவோ எக்ஸ்-ரேக்காகவோ காத்திருந்தால் ஆளை இழக்க நேரும். நெஞ்சில் ஊசி குத்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். காறையெலும்பின் நடுப்பகுதிக்குக் கீழே, இரண்டாம் விலா இடைவெளியில் குத்துவதுதான் நெடுநாள் வழக்கம். 2018-இல் வந்த ஏ.டி.எல்.எஸ். விபத்துச் சிகிச்சைப் பாடத்தின் பத்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கு அக்குளுக்குக் கீழே நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளியைச் சொல்கிறது. முன்பக்கச் சதை தடித்திருந்தால் ஊசி உள்ளே எட்டாமல் போய்விடுகிறதே! பிறகு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. ஆழத்தில் வைப்பார்கள். வார்டில் கட்டிலுக்கடியில் குமிழிவிடும் அந்தப் பாட்டிலும் ஒருவழிக் கதவுதான், இம்முறை நமக்குச் சாதகமாக.

இழுக்கும் நோய்களும் உண்டு. கெட்டிச் சளியோ, குழந்தை விழுங்கப்போன வேர்க்கடலையோ மூச்சுக்கிளையை அடைத்தால், அடைப்புக்கு அப்பாலுள்ள காற்றை ரத்தம் மெல்ல உறிஞ்சிவிடும். நுரையீரல் சுருங்கி, அந்தப் பக்க அழுத்தம் இன்னும் குறைந்து, திரை நோயுள்ள பக்கமே வரும். பழைய காசநோய்த் தழும்பு மூச்சுக்குழாயை நிரந்தரமாகத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதும் உண்டு.

அதனால்தான் நெஞ்சின் ஒரு பாதி முழுக்க வெள்ளையாகத் தெரியும் எக்ஸ்-ரேயைப் பார்த்ததும் மருத்துவர் கண் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வெள்ளையை விட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் நீர், வெளியே எடுக்கலாம். வெள்ளைப் பக்கம் சாய்ந்திருந்தால் சுருங்கிய நுரையீரல்; அங்கே நீர் என்று நினைத்து ஊசி போட்டால் நுரையீரலைத்தான் குத்தும். நோயாளி சற்றுத் திரும்பி நின்றாலே படத்தில் பொய்ச் சாய்வு தெரியும் என்பதால், காறையெலும்பு முனைகள் இரண்டும் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பாதி முழுக்க வெள்ளையாகியும் குழாய் நடுவிலேயே நின்றால் சந்தேகம் கூடுகிறது. புற்றுக்கட்டி மூச்சுக்கிளையை அடைத்து நுரையீரலைச் சுருக்கியிருக்கலாம், கூடவே நீரும் கோத்திருக்கலாம். இழுப்பும் தள்ளும் சமமாகிக் குழாய் அசையாமல் நிற்கும். அங்கே விரலை நம்பாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.