மெல்லொதுக்கீடும் மெய்யான இடமும்

ஏறத்தாழ 1,000 ஜிகாபைட் கொள்ளும் சேமிப்பகம் ஒன்றில் மூன்று மெய்நிகர் கணினிகளை நிறுவுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 500 ஜிகாபைட் வட்டு வேண்டும். முழு ஒதுக்கீட்டு முறையில் வட்டை உருவாக்கும்போதே அதற்குரிய இடம் முழுவதும் பிடிக்கப்பட்டுவிடும். மூன்றாவது வட்டுக்கு இடமில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். மெல்லொதுக்கீட்டிலோ, எழுதப்பட்ட தரவின் அளவுக்கே இடம் செலவாகும். ஒவ்வொன்றிலும் 200 ஜிகாபைட் எழுதியிருந்தால், 1,500 தருவதாக வாக்களித்த நாம் 600 மட்டுமே தந்திருப்போம். கையில் இல்லாத 500க்கும் வாக்களித்துவிட்டோம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இதனை உள்ளிருக்கும் இயங்குதளம் அறியாது. ஒவ்வொன்றின் தரவும் 330ஐத் தாண்டும்போது சேமிப்பகம் நிறைந்துவிடும்; உள்ளே பார்த்தாலோ இன்னும் 170 ஜிகாபைட் காலியாக இருப்பதாகவே காட்டும். ஆகவே கண்காணிக்க வேண்டியது சேமிப்பகத்தின் மீதத்தையே. விஎம்வேர் தளத்தில், புதிய இடம் கேட்டு எழுத முயலும் கணினி அக்கணமே நிறுத்திவைக்கப்பட்டு, `There is no more space for virtual disk` என்னும் செய்தி தோன்றும்.

உள்ளே புகுந்து கோப்புகளை அழிக்கலாமே எனத் தோன்றும். நின்றுவிட்ட கணினியில் அது இயலாது. முன்னரே அழித்திருந்தாலும், காலியான பகுதிகளை விடுவிக்கும் கட்டளை சேமிப்பகம் வரை சென்றடைந்தாலன்றி அவ்விடம் திரும்பி வாராது. வேறொரு கணினியின் வட்டை இடம் மாற்றியோ, சேமிப்பகத்தை விரிவாக்கியோ இடம் உண்டாக்கிய பின்னரே, நின்ற கணினியைத் தொடரச் செய்யலாம்.