கூறை வெயிலில் ஏன் தட்டையாகிறது?

ரொறன்ரோவில் யூன் மாதக் கல்யாணங்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் நடக்கும். காலையில் மண்டபத்தில் தாலிகட்டு, பிறகு பூங்காவில் படம். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பின்னேரம் 1.20 அளவில். நாங்கள் மாலையும் கழுத்துமாக நிற்கிற அதே நேரம்.

அந்த வெயிலில் முதலில் அடிபடுவது கூறை. கமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பதிகிறது. பளிச்சென்ற சிவப்புப் பட்டில் சிவப்பு மட்டும் எல்லைவரை நிரம்பிவிடும். மற்ற இரண்டும் குறைவாக இருப்பதால், மொத்த வெளிச்சத்தைப் பார்த்தால் எல்லாம் சரி போலவே தெரியும். ஆனால் நிரம்பிய இடத்தில் கொசுவ மடிப்பும் இல்லை, நெசவுக் கட்டமும் இல்லை. சிவப்புக் கடதாசி வெட்டி ஒட்டியதுபோல ஒரு திட்டு. பிறகு கணினியில் வெளிச்சத்தைக் குறைத்தால் திட்டு இருளுமே தவிர மடிப்பு திரும்பி வராது.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு இரண்டு கூறை பார்த்து வைத்திருந்தோம். ஒன்று திறந்த சிவப்பு, மற்றது அரக்கு. மதியம் ஒரு மணிக்கு இரண்டையும் வீட்டுப் பின்வளவில் பக்கத்தில் பக்கத்தில் கொழுவி, ஒரே படத்துக்குள் எடுத்தேன். தனித்தனியாக எடுத்தால் கைபேசி இருண்டதைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும், ஒப்பிட முடியாது. வெயிலில் அரக்கின் மடிப்புகள் தெளிவு. சிவப்பில் சரிகை வெள்ளைக் கீறாக எரிந்தது, துணி தட்டையாகிவிட்டது.

"அரக்கு படத்துக்கு நல்லதெண்டா இருக்கட்டும். கூறை சிவப்பாத்தான் இருக்கோணும்" என்றார் அம்மா.

அதே சிவப்பை வீட்டு நிழலுக்குள் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தோம். மடிப்பு, கட்டம், சரிகையின் பொன்நிறம் எல்லாம் வந்துவிட்டன. அம்மாவின் சிவப்பே நின்றது. மாறியது படம் எடுக்கிற இடம்.

நிழல் என்றாலும் எல்லா நிழலும் ஒன்றல்ல. மரத்தடியில் இலை இடுக்கால் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். புல்லில் பட்டுத் திரும்பும் ஒளி மாப்பிள்ளையின் வேட்டிக்கும் நாடிக்குக் கீழும் பச்சை பூசும். அதனால் ஸ்காபரோ கில்ட் பூங்காவை எடுத்தோம். இடிக்கப்பட்ட ரொறன்ரோ வங்கிக் கட்டடத்தின் பளிங்குத் தூண்கள் அங்கே நிற்கின்றன. வெளிர் கல் நிறம் பூசாது. (மாநகரசபையிடம் படப்பிடிப்பு அனுமதி முன்கூட்டியே எடுக்கவேணும்.)

வேட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: சந்தன நிறப் பட்டு. தூள் வெள்ளைப் பருத்தியில் வெண்மைக்காகச் சேர்க்கும் இரசாயனம் பகல் ஒளியில் நீலமாக ஒளிரும். நிழலில் அது இன்னும் தூக்கலாகத் தெரியும், பக்கத்தில் நிற்கும் சிவப்பும் எங்கள் மாநிறமும் மங்கிப்போகும்.